பாதி என்றால் எத்தனை நாள்? புரொஃபைல் எழுதும் முன் பழைய அப்ரைசலையும் மெயிலையும் சான்றிதழையும் தோண்டுவது எப்படி

தோழி ஒருவர் கணக்குப் பிரிவில் 7 ஆண்டுகள் வேலை பார்த்தவர். வேலை மாறலாம் என்று முடிவுசெய்து, புரொஃபைல் எழுத உட்கார்ந்ததும் முதல் வரியாக இதை எழுதிக் காட்டினார்: "மாத இறுதிக் கணக்கு முடிக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தேன்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்றேன். 2021 அப்ரைசலில் மேனேஜர் எழுதிய வரியாம். "சரி, பாதி என்றால் எத்தனை நாளிலிருந்து எத்தனை நாள்?" என்று கேட்டேன். யோசித்தார். பதில் வரவில்லை. "எக்செல்ல ஒரு ஷீட் போட்டேன், அதுக்கப்புறம் சீக்கிரம் முடிஞ்சுது" என்பது வரைதான் நினைவிருந்தது.

நேர்காணலில் எதிரே உட்கார்பவரும் இதையேதான் கேட்பார். அதனால் எழுதுவதை நிறுத்திவிட்டு, இரண்டு வார இறுதிகள் பழைய காகிதங்களைக் கிளறினோம். அப்படிக் கிளறியதில் அந்த வரி மாறியது, அதன் பின்னால் இருந்த கதையும் மாறியது. அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். புரொஃபைல் வாசகம் எழுதுவது இதில் இல்லை. அது இதற்குப் பிறகு வரும் வேலை.

கிளறத் தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை

இப்போது வேலையில் இருப்பவர்கள் செய்யும் முதல் தவறு, அலுவலக மெயில்களை மொத்தமாகத் தங்கள் சொந்த மெயிலுக்கு ஃபார்வர்டு செய்வது. பல நிறுவனங்களில் இது விதிமீறல். வெளியே போகும் மெயில்களையும் இணைப்புகளையும் கண்காணிக்கும் மென்பொருள் இருக்கும். விலகப்போகும் நேரத்தில் திடீரென்று 200 மெயில் வெளியே போனால் அது தகவல் திருட்டு போலத்தான் தெரியும். வாடிக்கையாளர் பெயர், விலை, சம்பள விவரம் எல்லாம் அந்த மெயில்களுக்குள் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உங்களுக்கு அந்த மெயில் தேவையில்லை. அதிலிருந்து ஒரு தேதியும் ஓர் எண்ணும், நடந்ததைச் சொல்லும் ஒரு வரியும் போதும். உங்கள் சொந்த வார்த்தையில் குறிப்பெடுங்கள். வாடிக்கையாளர் பெயருக்குப் பதில் "பெரிய சில்லறை விற்பனை நிறுவனம்" என்று எழுதுங்கள். தொகைகளை அப்படியே எழுதாமல் விகிதமாக மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பெயருக்கு வந்த அப்ரைசல் படிவம், பதவி உயர்வுக் கடிதம், சான்றிதழ் ஆகியவற்றை மட்டும், நிறுவன விதி இடம் தந்தால், நகலெடுத்து வைக்கலாம். விதி தெரியவில்லை என்றால் மனிதவளப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

முதலில் ஒரு காலக்கோடு

ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து, மாதம் மாதமாக வரிசை போடுங்கள். 7 ஆண்டு என்றால் 84 வரி. பயப்பட வேண்டாம், பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கும். சேர்ந்த நாள், பதவி மாறிய நாள், மேனேஜர் மாறிய நாள், டீம் மாறிய நாள், நீண்ட விடுப்பு ஆகியவற்றை மட்டும் முதலில் நிரப்புங்கள்.

ஏன் சாதனைகளில் தொடங்காமல் தேதிகளில் தொடங்குகிறோம்? அப்ரைசலும் மெயிலும் சான்றிதழும் ஒன்றைப் பற்றி ஒன்று பேசாது. மூன்றிலும் பொதுவாக இருப்பது தேதி மட்டும்தான். நம் நினைவு வேலையின் சாரத்தை வைத்துக்கொண்டு வரிசையைக் குழப்பிவிடும். எது எதற்கு முன் நடந்தது என்பது தப்பினால், எதனால் எது நடந்தது என்பதும் தப்பிவிடும். தோழி விஷயத்தில் அதுதான் நடந்திருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்ரைசலை எப்படிப் படிப்பது

அப்ரைசல் படிவத்தைத் திறந்ததும் கண் நேராக ரேட்டிங்குக்குப் போகும். போக விடாதீர்கள். ரேட்டிங் வெளியாருக்கு ஒன்றும் சொல்லாது. சில இடங்களில் 5 என்றால் உச்சம், சில இடங்களில் 1 என்றால் உச்சம். சில நிறுவனங்களில் இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த ரேட்டிங் என்று முன்கூட்டியே ஒதுக்கீடு இருக்கும். நன்றாக வேலை செய்தும் நடு ரேட்டிங் வாங்கியவர்கள் நிறைய. அந்த ஆண்டின் காகிதத்தையே "அது மோசமான வருஷம்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதற்குள் நல்ல சரக்கு கிடக்கும்.

படிக்க வேண்டிய வரிசை வேறு. முதலில் ஆண்டுத் தொடக்கத்தில் வைத்த இலக்குகள். அவற்றில்தான் ஆரம்ப எண் இருக்கும்: "நிலுவையை 120-லிருந்து 60-க்குக் கொண்டுவருதல்" என்பது போல. இலக்கை எட்டினீர்களா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தொடங்கும்போது நிலைமை எப்படி இருந்தது என்று எழுத்தில் கிடைக்கும் அரிய இடங்களில் அது ஒன்று. அடுத்து, நீங்களே எழுதிய சுயமதிப்பீடு. அதன்பின் இடைக்கால மதிப்பீடு நடந்திருந்தால் அதன் குறிப்பு. மேனேஜரின் இறுதிக் கருத்து கடைசியில்.

மேனேஜர் கருத்தைக் கடைசியில் வைக்கக் காரணம் உண்டு. அது ஆண்டு முடிவில், பத்துப் பதினைந்து பேருக்கு ஒரே வாரத்தில் அவசரமாக எழுதப்படுவது. அவருக்கு நினைவிருப்பது பெரும்பாலும் கடைசி மூன்று நான்கு மாதங்கள்தான். ஆண்டின் முதல் பாதியில் நீங்கள் செய்தது அதில் இருக்காது. அந்தப் பாதியை மெயிலில்தான் தேட வேண்டும் என்று காலக்கோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

கருத்தைப் படிக்கும்போது பென்சிலால் எல்லாப் பாராட்டுச் சொற்களையும் அடித்துவிடுங்கள். "மிகுந்த அர்ப்பணிப்புடன் செயல்பட்டு, சவாலான சூழலிலும் மாத இறுதிக் கணக்கைத் திறம்பட விரைவுபடுத்தினார்" என்ற வரியில் மிஞ்சுவது "மாத இறுதிக் கணக்கை விரைவுபடுத்தினார்" என்பது மட்டும். அதுதான் நூல் முனை. அதைக் காலக்கோட்டில் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வையுங்கள். பாராட்டை அடித்த பிறகு ஒன்றுமே மிஞ்சாத வரிகளும் இருக்கும். அவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

அடுத்தடுத்த இரண்டு ஆண்டுப் படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே வாக்கியம் எழுத்துப் பிசகாமல் இருந்தால் அது போன வருடத்திலிருந்து ஒட்டியது, கணக்கில் சேராது. அதற்கு நேர்மாறாக, பலரும் வெட்கப்பட்டுத் தாண்டிப்போகும் "மேம்பட வேண்டியவை" பகுதியில் நிறையக் கிடைக்கும். தோழியின் 2018 படிவத்தில் "வெளித் தணிக்கையாளர்களிடம் தனியாகப் பேசத் தயங்குகிறார்" என்று இருந்தது. 2020 படிவத்தில் "தணிக்கைக் கேள்விகளுக்கு இவரே தொடர்பு நபர்" என்று இருந்தது. இரண்டையும் எழுதியவர் ஒரே மேனேஜர். நடுவில் என்ன நடந்தது என்று தேட வேண்டும் என்று குறித்துவைத்தோம். தோழிக்கே அது ஒரு சாதனையாகத் தோன்றியிருக்கவில்லை.

மெயிலில் எதைத் தேடுவது

எல்லோரும் முதலில் தேடும் சொல் `thank`. தேடிப் பாருங்கள், ஆயிரக்கணக்கில் வரும். முக்கால்வாசி மெயிலின் அடியில் கையெழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நன்றிதான் அது. பாராட்டு மெயில்களைத் தேடுவதே சற்று வீண் வேலை என்பது என் அனுபவம். "சூப்பர், கலக்கிட்டீங்க" என்று வரும் மெயிலில் எதற்காக என்பது பெரும்பாலும் இருக்காது. அதற்கு மேலே உள்ள மெயிலில், அதாவது நீங்கள் அனுப்பியதில், அது இருக்கும்.

ஆகவே முதலில் அனுப்பிய மெயில்களைத் தேடுங்கள். நீங்கள் எந்தத் தேதியில் எதை முடித்து அனுப்பினீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஜிமெயில் வழியாக இயங்கும் அலுவலக மெயிலில் தேடல் பெட்டியில் இப்படிக் கொடுக்கலாம்:

```
in:sent subject:"month end" after:2021/02/01 before:2022/02/01
in:sent has:attachment filename:xlsx after:2021/05/01 before:2021/10/01
```

முதல் வரி, மாத இறுதி என்ற தலைப்போடு அந்த ஓராண்டில் நீங்கள் அனுப்பிய மெயில்களைத் தரும். இரண்டாவது, எக்செல் கோப்பு இணைத்து அனுப்பியவற்றைத் தரும். அவுட்லுக்கில் அனுப்பியவை கோப்புறையைத் திறந்துகொண்டு, அந்தத் தலைப்பும் இணைப்பும் சேர்ந்தே உள்ள மெயில்களை இப்படி எடுக்கலாம்:

```
subject:"month end" hasattachments:yes
```

தேடுசொல்லாக உங்கள் வேலையில் ஒன்று முடிந்ததைக் குறிக்க எல்லோரும் வழக்கமாக எழுதும் சொல்லைக் கொடுங்கள். மென்பொருள் ஆட்களுக்கு `went live`, ஆதரவுப் பிரிவுக்கு `resolved`, கணக்குப் பிரிவுக்கு `closed`. பொதுவான சொற்களைவிட இவை சீக்கிரம் கொண்டுபோய்விடும்.

இன்னொரு இடம், பலருக்குத் தோன்றாதது: விடுப்பில் போகும்முன் நீங்கள் எழுதிய ஒப்படைப்பு மெயில். இரண்டு வாரம் இல்லாதபோது யார் எதைப் பார்க்க வேண்டும் என்று பட்டியல் போட்டிருப்பீர்கள். பெருமையடிக்கும் நோக்கமில்லாமல், உங்கள் பொறுப்பு முழுவதையும் நீங்களே எழுதிவைத்த காகிதம் அது. `handover` என்று தேடினால் வரும். மூன்று ஆண்டு ஒப்படைப்பு மெயில்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால், உங்கள் வேலை எப்படி வளர்ந்தது என்பது தெரியும்.

பிறகு, புலம்பல்களைத் தேடுங்கள். `pending`, `delay`, `urgent`, `escalation`. ஒரு பிரச்சினை இருக்கும்வரை அதைப் பற்றி மெயில்கள் பறக்கும். தீர்ந்ததும் யாரும் "தீர்ந்தது" என்று எழுதமாட்டார்கள், பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். அதனால் மாதத்துக்கு எத்தனை புகார்த் தொடர்கள் என்று எண்ணிக் காலக்கோட்டில் போடுங்கள். எந்த மாதத்தில் சத்தம் அடங்கியதோ, அதற்குச் சற்று முன் யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். அது நீங்களா என்று பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று: சத்தம் அடங்கியதற்குக் காரணம் அந்தப் பேச்சு மெயிலிலிருந்து சாட்டுக்கு மாறியதாகவும் இருக்கலாம். அலுவலகத்தில் சாட் செயலி எந்த மாதம் வந்தது என்பதைக் கேட்டுவிட்டு எண்ணுங்கள்.

தோழியின் கணக்கு

மாத இறுதிக் கணக்கு முடிந்ததும் அவர் குழு முழுவதற்கும் ஒரு மெயில் அனுப்புவார். 2021-இன் 12 மாதங்களுக்கும் அந்த மெயில்களை எடுத்தோம். அடுத்த மாதத்தின் எத்தனையாவது வேலைநாளில் அனுப்பினார் என்று எண்ணினோம். தேதியை அப்படியே எடுக்காமல் வேலைநாளாக எண்ணியது ஏன் என்றால், வார இறுதியும் விடுமுறையும் ஒவ்வொரு மாதமும் வேறு இடத்தில் விழும். 9ஆம் தேதி என்பது ஒரு மாதம் ஏழாவது வேலைநாளாக இருக்கும், இன்னொரு மாதம் ஐந்தாவதாக இருக்கும்.

ஜனவரி முதல் மே வரை: 9, 10, 9, 11, 10. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: 7, 8, 7. செப்டம்பர் முதல் நவம்பர் வரை: 6, 5, 6. டிசம்பர்: 8.

எண்களைப் பார்த்ததும் இருவரும் சற்று நேரம் பேசவில்லை. விரைவுபட்டது உண்மை. ஆனால் பாதி இல்லை. முதல் ஐந்து மாதங்களின் நடு எண் 10, செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான நடு எண் 6. பத்திலிருந்து ஆறு என்றால் 40 சதவீதம். அக்டோபர் ஒரு மாதம் மட்டும் 5. மேனேஜர் அந்த மாதத்தை நினைவில் வைத்துக்கொண்டு பாதி என்று எழுதியிருக்க வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை, எண்ணிப் பார்க்கவில்லை. டிசம்பர் 8 ஆனது ஆண்டு முடிவு வேலைகளால். அதை மறைக்காமல் குறிப்பில் எழுதிவைத்தோம், ஏனென்றால் தெரிந்தவர் யாராவது கேட்டால் அதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

எண் இறங்கியது ஒரே அடியில் அல்ல என்பதும் கவனிக்க வேண்டியது. ஜூனில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை. ஆக இரண்டு காரணங்கள் இருக்க வேண்டும். இணைப்போடு அனுப்பிய மெயில்களைத் தேடியதில், அவர் செய்த ஒப்பீட்டு ஷீட் முதன்முதலாக ஜூன் கடைசி வாரத்தில் போயிருந்தது. சப்ளையர் அனுப்பும் பட்டியலையும் தங்கள் பதிவையும் வரிக்கு வரி ஒப்பிடும் ஷீட் அது. ஆனால் அதே வாரத்தில் இன்னொரு மெயிலும் இருந்தது. சப்ளையர்கள் தங்கள் பட்டியலை 25ஆம் தேதிக்குள் அனுப்பிவிட வேண்டும் என்ற அறிவிப்பு. அதை எழுதியவர் அவருடைய சக ஊழியர். அந்த யோசனையும் அந்தச் சக ஊழியருடையதுதான் என்பது தொடரின் மேலே இருந்த மெயில்களில் தெளிவாக இருந்தது.

இந்த இடத்தில் பலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். மூடக்கூடாது. ஜூன் இறக்கம் இருவரின் வேலை. அதில் எத்தனை நாள் ஷீட்டால், எத்தனை நாள் 25ஆம் தேதி விதியால் என்று பிரிக்க வழியில்லை. பிரிக்க முடியாததைப் பிரித்ததாக எழுதாமல் இருப்பதே சரி. செப்டம்பர் இறக்கம் வேறு. அந்த மாதம் ஷீட்டின் இரண்டாம் வடிவம் போயிருந்தது, பொருந்தாத வரிகளை அதுவே நிறம் மாற்றிக் காட்டும். வேறு எந்த மாற்றமும் அந்த மாத மெயில்களில் இல்லை. அந்த ஒரு நாள், ஒன்றரை நாள் குறைவு அவருடையது என்று தயங்காமல் சொல்லலாம்.

சான்றிதழ் சொன்ன வேறு கதை

சான்றிதழ்களை எடுத்ததும் முதலில் மூன்றாகப் பிரியுங்கள்: வந்து உட்கார்ந்ததற்குத் தந்தது, பாடத்தை முடித்ததற்குத் தந்தது, தேர்வில் தேறியதற்குத் தந்தது. மூன்றும் பார்க்க ஒரே மாதிரி தங்க ஓரம் போட்டிருக்கும். வாசகத்தைப் படித்தால்தான் தெரியும். பங்கேற்றார் என்று இருப்பதைத் தேர்ச்சி பெற்றார் என்று எழுதிவிட்டு மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொன்றுக்கும் சான்றிதழில் உள்ள முழுப் பெயர், வழங்கிய அமைப்பு, வழங்கிய தேதி, காலாவதித் தேதி, அடையாள எண், சரிபார்க்கும் இணைப்பு ஆகியவற்றைக் குறியுங்கள். லிங்க்ட்இன் சான்றிதழ்ப் பகுதியும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கும். காலாவதியை மறக்காதீர்கள். திட்ட மேலாண்மைக்கான பி.எம்.பி. சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும், அதற்குள் 60 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். நெட்வொர்க் வேலைக்கான சிஸ்கோவின் சி.சி.என்.ஏ.வும் மூன்று ஆண்டுதான். முடிந்துபோனதை இன்னும் இருப்பதாகக் காட்டக்கூடாது. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தது என்று எழுதலாம்.

அலுவலகத்துக்குள் தந்த "இந்தக் காலாண்டின் சிறந்த ஊழியர்" வகைச் சான்றிதழ்களில் பெயரும் தேதியும் தவிர ஒன்றும் இருக்காது. எதற்குத் தந்தார்கள் என்பது, உங்கள் பெயரை யாரோ பரிந்துரைத்து எழுதிய மெயிலில் இருக்கும். `nomination` என்று தேடுங்கள். உங்களுக்கு அது வராமல் போயிருந்தால், பரிந்துரைத்தவரிடமே கேட்கலாம். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தேடித் தருவார்கள்.

இனி தோழியின் கதை. அவர் நினைவில் இருந்தது இது: "எக்செல் உயர்நிலைப் பாடம் படிச்சேன், அதை வச்சு அந்த ஷீட்டைப் போட்டேன்." கோர்வையான கதை. ஆனால் பாடச் சான்றிதழில் இருந்த தேதி ஆகஸ்ட் 2021. ஷீட் போனது ஜூனில். அப்படியானால் வரிசை தலைகீழ். கையால் ஒப்பிடும் முதல் ஷீட்டை அவர் தனக்குத் தெரிந்ததை வைத்தே செய்திருக்கிறார். அதில் பொருந்தாத வரிகளைக் கண்ணால் தேட வேண்டியிருந்த அலுப்பில் பாடத்தில் சேர்ந்திருக்கிறார். பாடம் முடிந்த மாதமே இரண்டாம் வடிவத்தைச் செய்யத் தொடங்கி, செப்டம்பரில் அனுப்பியிருக்கிறார். எண்கள் இரண்டு கட்டமாக இறங்கியதற்கும் இது பொருந்துகிறது.

நினைவில் இருந்த கதையைவிட இது அவருக்கு நல்லது என்பது என் எண்ணம். பயிற்சிக்கு அனுப்பினால் கற்றுக்கொள்வார் என்பதைவிட, வேலையில் இடறிய இடத்தைப் பார்த்துத் தானே போய்க் கற்றுவந்தார் என்பது கனமானது. காகிதங்களைத் தேதி வாரியாகச் சேர்க்காமல் இருந்திருந்தால் இது வெளியே வந்திருக்காது.

ஒவ்வொரு வரியையும் நிறுத்துப் பார்ப்பது

காலக்கோட்டில் இப்போது நிறைய வரிகள் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சில கட்டங்கள் போடுங்கள்: முன்பு எப்படி இருந்தது, நான் என்ன செய்தேன், பிறகு எப்படி ஆனது, உடன் யார், சாட்சி எங்கே, வெளியே சொல்லலாமா. முழுக்க நிரம்பும் வரிகள் குறைவாகத்தான் இருக்கும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

அதிகம் காலியாக நிற்கும் கட்டம் "முன்பு எப்படி இருந்தது". பழைய நிலையை யாரும் அளந்து வைப்பதில்லை. அதற்கு மறைமுக வழிகள் உண்டு: ஆண்டுத் தொடக்க இலக்கு, நீங்கள் பொறுப்பேற்றபோது முந்தையவர் எழுதிய ஒப்படைப்பு மெயில், பழைய மாதாந்திர அறிக்கை. எதிலும் கிடைக்காவிட்டால் எண்ணை ஊகித்து எழுத வேண்டாம். "முன்பு கையால் செய்யப்பட்டது, இப்போது ஷீட் செய்கிறது" என்று எண் இல்லாமலே மாற்றத்தைச் சொல்லலாம்.

சதவீதம் எழுதும்போது ஒரு குழி இருக்கிறது. பிழை விகிதம் 6 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தால், அது 3 சதவீதக் குறைவு அல்ல, பாதியாகக் குறைந்தது. இரண்டு எண்களையும் அப்படியே எழுதிவிட்டால் குழப்பமே வராது. அடித்தளம் சிறியதாக இருந்தாலும் அதையே செய்யுங்கள். இரண்டு புகார் ஒன்றானதை "50 சதவீதம்" என்று எழுதினால், கேள்வி கேட்பவர் சிரிப்பார்.

அலுவலக மெயில் கையில் இல்லை என்றால்

நான் ஓர் இடத்திலிருந்து விலகியபோது, கடைசி நாள் மதியமே என் கணக்கு மூடப்பட்டது. மாலையில் நிதானமாகக் குறிப்பெடுக்கலாம் என்று வைத்திருந்தேன். ஐந்து ஆண்டு போனது. பிறகு என்ன கிடைத்தது என்பதைச் சொல்கிறேன்.

சொந்த மெயிலில் நியமனக் கடிதம், ஊதிய உயர்வுக் கடிதங்கள், பயிற்சிப் பதிவுகள், பயண முன்பதிவுகள் இருந்தன. இவற்றில் பி.டி.எஃப். இணைப்பாக வந்தவற்றை எடுக்க இந்த ஒரு தேடல் போதும்:

```
has:attachment filename:pdf after:2015/01/01 before:2020/12/31
```

பயண முன்பதிவைப் பார்த்துத்தான் எந்த மாதம் எந்தத் திட்டத்துக்காகப் போனேன் என்பது நினைவுக்கு வந்தது. சம்பளச் சீட்டில் ஒரு மாதம் மட்டும் கூடுதலாக ஒரு தொகை இருந்தது. அது எதற்கான ஊக்கத்தொகை என்று யோசித்ததில் இன்னொரு வேலை வெளியே வந்தது. லிங்க்ட்இனில் ஒருவர் எழுதியிருந்த பரிந்துரை, தேதியோடு இருந்தது.

மிச்சத்துக்கு மனிதர்களைக் கேட்க வேண்டும். "நான் என்ன சாதிச்சேன்னு சொல்லுங்க" என்று கேட்டால் "நீங்க ரொம்ப நல்ல டைப்" என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: "நாம அந்த ரிப்போர்ட்டை மாத்துறதுக்கு முன்னாடி அதை முடிக்க எத்தனை நாள் ஆச்சு, நினைவிருக்கா?" இரண்டு பேர் தனித்தனியாக ஒரே எண்ணைச் சொன்னால், 'சுமார்' என்ற சொல்லோடு எழுதிக்கொள்ளலாம். எண்கள் மாறினால், பெருமை குறைவாக வரும் எண்ணை எடுத்துக்கொள்வேன். எண்ணையே எழுதாமல் விடுவதும் உண்டு.

தோழியின் ஷீட், கடைசியில்

இரண்டு வார இறுதிகளில் 31 வரிகள் சேர்ந்தன. 11 வரிகள் எல்லாக் கட்டங்களும் நிரம்பி நின்றன. 9 வரிகளில் முன்பு எப்படி இருந்தது என்பது தெரியவில்லை, எண் இல்லாமல் வைத்துக்கொண்டோம். 11 வரிகள் விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை, தேடிப் பார்த்தால் பாராட்டுச் சொல்லைத் தவிர வேறெதுவும் இல்லாத அப்ரைசல் வரிகள்.

முதல் வரி இப்படி மாறியிருந்தது: "சப்ளையர் கணக்கை ஒப்பிடும் எக்செல் ஷீட்டை உருவாக்கி, பிறகு தானாகக் குறைகாட்டும்படி மேம்படுத்தினேன். பட்டியல் பெறும் தேதியைச் சக ஊழியர் முன்னால் கொண்டுவந்ததோடு சேர்ந்து, 2021-இல் வழக்கமான மாத இறுதிக் கணக்கு சுமார் 10 வேலைநாளிலிருந்து 6 ஆனது." புரொஃபைலுக்கு இது நீளம், சுருக்க வேண்டும். ஆனால் இப்போது எத்தனை நாளிலிருந்து எத்தனை நாள் என்று கேட்டால் அவர் யோசிப்பதில்லை. டிசம்பர் ஏன் 8 என்று கேட்டாலும்.

தணிக்கையாளர்களிடம் பேசத் தயங்கியவர் எப்படி மாறினார் என்ற வரி மட்டும் இன்னும் பாதியில் நிற்கிறது. 2019 மெயில்கள் பழைய சர்வரோடு போய்விட்டன. அந்த ஆண்டுத் தணிக்கையில் உடனிருந்த ஒருவரின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறார்.